சாய்ந்தால் மார்பு, நிமிர்ந்தால் கை... தோளுக்கு?

1860-களின் தொடக்கத்தில் பெர்லினில் இரண்டு கம்பிகளை வைத்து ஒரு பெரிய சண்டை நடந்தது. உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் அரசு நிறுவனத்தின் தலைவர் ஹூகோ ரோத்ஸ்டைன் ஒரு ராணுவ அதிகாரி. சுவீடன் நாட்டு உடற்பயிற்சி முறையில் ஊறிப்போனவர். இணைக் கம்பிகள், அதாவது பேரலல் பார், உடம்புக்குக் கெடுதல் என்று சொல்லி அவற்றைப் பாடத்திட்டத்திலிருந்தே தூக்கிவிட்டார். ஜெர்மன் உடற்பயிற்சி இயக்கத்தின் முன்னோடி ஃபிரீட்ரிக் லுட்விக் யான் அரை நூற்றாண்டுக்கு முன் அதே பெர்லினில் பரப்பிவிட்ட கருவி அது. அதற்கே தடையா என்று ஆர்வலர்கள் கொதித்தார்கள். புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர் எமில் து புவா-ரேமோன் கம்பிகளுக்கு ஆதரவாக எழுதினார். கடைசியில் மருத்துவக் குழு ஒன்று கம்பிகளால் கேடில்லை என்று கருத்துச் சொன்னது. ரோத்ஸ்டைன் பதவியை விட்டுப் போனார். ஜெர்மன் விளையாட்டு வரலாற்றில் இதற்கு ‘பாரன்ஸ்ட்ரைட்’, கம்பிச் சண்டை, என்றே பெயர்.

சண்டை அன்றே தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. இன்றைக்கும் எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும், டிப்ஸ் தோளைக் கெடுக்கும் என்பவர் ஒருவர் இருப்பார். டிப்ஸ் இல்லாமல் மார்பு எப்படி வரும் என்று கேட்பவர் ஒருவரும் இருப்பார். பயிற்சியாளரிடம் போனால், “முன்னாடி சாய்ங்க தம்பி, செஸ்ட்டுக்குப் போகும். நேரா நின்னா ட்ரைசெப்ஸ்” என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் ஏன் சரி என்பதைப் பிடித்துக்கொண்டால்தான், தோளைப் பற்றிய பயத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் உள்ளங்கை.

டிப்ஸ் செய்கிறவரின் உடல் முழுவதையும் தாங்குவது கம்பியைப் பிடித்திருக்கும் இரண்டு உள்ளங்கைகள் மட்டும்தான். கால் தரையில் இல்லை, முதுகு எதிலும் சாயவில்லை. அதனால் அவர் முன்னேயோ பின்னேயோ கவிழாமல் இருக்க வேண்டுமானால், உடல் எடையின் மையம் உள்ளங்கைக்கு நேர் மேலோ நேர் கீழோ இருந்தாக வேண்டும். மெதுவாக இறங்கி ஏறும்போது இந்த விதியை யாராலும் ஏமாற்ற முடியாது. பக்கவாட்டிலிருந்து எடுத்த வீடியோவை நிறுத்தி, உள்ளங்கை வழியாக மேலும் கீழுமாக ஒரு செங்குத்துக் கோடு போட்டுப் பாருங்கள். கம்பி உடலைத் தாங்கும் விசை முழுவதும் அந்தக் கோட்டின் வழியாகத்தான் மேலே போகிறது.

இறங்கி அடிமட்டத்துக்கு வந்ததும் அந்தக் கோட்டுக்கு முன்னால் தோள் இருக்கும், பின்னால் முழங்கை இருக்கும். ஒரு மூட்டு அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த அளவுக்கு அந்த மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைக்கு வேலை. தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. எடை மாறவில்லை, தூரம் மாறுகிறது, பாரம் மாறுகிறது. முழங்கை கோட்டிலிருந்து விலகினால் அதை நிமிர்த்தும் ட்ரைசெப்ஸ் உழைக்க வேண்டும். தோள் விலகினால், பின்னால் போன மேற்கையை முன்னுக்கு இழுக்கும் மார்புத் தசையின் கீழ்ப்பகுதியும் தோளின் முன்தசையும் உழைக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர், ஒவ்வொரு கைக்கும் 35 கிலோ. (கையின் சொந்த எடையைக் கழிக்க வேண்டும்தான், நம் கணக்கின் போக்கு அதனால் மாறாது.) தோளிலிருந்து முழங்கை வரை 30 சென்டிமீட்டர். முழங்கை விரியாமல் உடலையொட்டிப் பின்னால் போகிறது. மேற்கை தரைக்கு இணையாகும் வரை அவர் இறங்குகிறார்.

முதல் முறை, உடம்பை முடிந்தவரை நிமிர்த்தி வைத்திருக்கிறார். முடிந்தவரை என்று சொல்லக் காரணம், அடிமட்டத்தில் யாராலும் கம்பம்போல் நிற்க முடியாது என்பதுதான். முழங்கை பின்னால் போகப் போக, சமநிலைக்காகத் தோள் கொஞ்சமாவது முன்னால் வந்தே தீரும். 20 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உயரத்துக்கு, எடை மையம் தோளிலிருந்து ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. அந்த மையம் உள்ளங்கைக் கோட்டில் நிற்க, தோள் கோட்டுக்கு 15 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். மீதி 15 சென்டிமீட்டர் முழங்கையின் பங்கு. 35-ஐ 15-ஆல் பெருக்கினால் 525. தோளுக்கு 525, முழங்கைக்கு 525. சரிபாதி.

இரண்டாம் முறை 35 டிகிரி சாய்கிறார். அதே கணக்கில் தோள் கோட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் முன்னே போய்விடுகிறது. முழங்கைக்கு மிஞ்சுவது 5 சென்டிமீட்டர். தோளின் பாரம் 875, முழங்கையின் பாரம் 175. கூட்டிப் பார்த்தால் இரண்டு முறையும் மொத்தம் 1050 தான். சாய்வு பாரத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரே பாரத்தை மார்புக்கும் ட்ரைசெப்ஸுக்கும் வேறு விதமாகப் பங்கு பிரித்திருக்கிறது, அவ்வளவுதான். வெறும் 15 டிகிரி வித்தியாசத்தில் ட்ரைசெப்ஸின் பங்கு மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

இதில் ஒரு வசதி உண்டு. டிகிரியெல்லாம் அளந்துகொண்டிருக்க வேண்டாம், முன்கையைப் பார்த்தாலே போதும். அடிமட்டத்தில் மணிக்கட்டுக்கு மேல் முழங்கை ஏறத்தாழ நேராக நின்றால் அது மார்புக்கான டிப்ஸ். முழங்கை மணிக்கட்டுக்குப் பின்னால் சரிந்து போயிருந்தால் ட்ரைசெப்ஸுக்கானது. செய்கிறவர் எதை நினைத்துக்கொண்டு செய்தாலும் முன்கை உள்ளதைச் சொல்லிவிடும். மார்புக்கு என்று சொல்லிக்கொண்டு, தலையை மட்டும் குனிந்து முதுகைக் கூன்போட்டுச் செய்கிறவர்கள் நிறையப் பேர். தலை குனிந்ததால் தோள் கோட்டைத் தாண்டி முன்னே போய்விடாது. முன்கை அப்படியே பின்னால் சரிந்துதான் இருக்கும்.

சாய்வதற்கான திருகு உண்மையில் கால்களில் இருக்கிறது. இரண்டு கால்களும் சேர்ந்தால் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அவற்றைப் பின்னால் மடக்கிப் போட்டால் எடை மையம் பின்னால் நகரும். அதை மறுபடி உள்ளங்கைக் கோட்டுக்குக் கொண்டுவர மேலுடம்பு தானாகவே முன்னால் போகும். கால்களை நேராகவோ சற்று முன்னாலோ தொங்கவிட்டால் மேலுடம்பு நிமிரும். காலைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து செய்ய முயல்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஊசலாடுவது இதனால்தான்.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாகச் சொன்ன ஒரு பிடிவாதக்காரர் இருந்தார். 1948-இல் ஹாலிவுட் பக்கம் ஜிம் திறந்த வின்ஸ் ஜிரோண்டா. பெஞ்ச் பிரஸ் என்றாலே அவருக்கு ஆகாது. மார்புக்கு டிப்ஸ்தான் என்பார். அகலமான கம்பிகளில், முகவாய் நெஞ்சில் படும்படி குனிந்து, முழங்கைகளை இரு பக்கமும் விரித்து, காலை முன்னால் நீட்டச் சொல்வார். கால் முன்னால் இருந்தும் அது எப்படி மார்புக்கு வேலை வைத்தது? முழங்கை பின்னால் போகாமல் பக்கவாட்டில் போவதால்தான். நாம் போட்ட கணக்கு பக்கத்திலிருந்து பார்த்தது. அவருடைய டிப்ஸை முன்னாலிருந்து பார்த்தால்தான் தோளுக்கும் உள்ளங்கைக்கும் உள்ள இடைவெளி தெரியும். வழி வேறு, பங்கு பிரிப்பு அதே. ஆனால் அகலப் பிடியில் முழங்கையை விரித்து ஆழமாக இறங்குவதைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க முடியாது.

சரி, தோளுக்கு வருவோம்.

முன்னே சாய்ந்தால் தோளின் பாரம் 525-லிருந்து 875 ஆகிறது என்று பார்த்தோம். அப்படியானால் தோள்வலி உள்ளவர் நிமிர்ந்து செய்வதுதானே பாதுகாப்பு? ஜிம்மில் பலரும் சொல்லும் அறிவுரையும் அதுதான். கேட்க நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் தோளுக்குப் பாரம் மட்டும் பிரச்சினையில்லை, கோணமும் பிரச்சினை.

நேராக நின்றுகொண்டு, இடுப்பை வளைக்காமல் கையைப் பின்பக்கமாக மட்டும் தூக்கிப் பாருங்கள். முன்னால் தூக்கினால் காதுவரை போகும் கை, பின்னால் 50, 60 டிகிரியில் நின்றுவிடும். தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் சிறு பகுதிதான் அதில் பொருந்துகிறது. அதை இடத்தில் வைத்திருப்பது சுற்றியுள்ள உறையும் தசைநாண்களும்தான். கை பின்னால் எல்லைக்குப் போகும்போது எலும்பின் தலை முன்பக்கமாக நழுவப் பார்க்கும். முன்பக்க உறை இழுபடும், அதன் முன்னால் ஓடும் பைசெப்ஸின் நீள் தசைநாண் உரசுப்படும்.

இப்போது அதே இரண்டு டிப்ஸையும் கோணக் கண்ணோடு பாருங்கள். தோள் மூட்டு அறிந்த கோணம் தரைக்கும் கைக்கும் உள்ளதல்ல, முண்டத்துக்கும் கைக்கும் உள்ளது. மேற்கை தரைக்கு இணையாக இருந்தால் அது செங்குத்திலிருந்து 90 டிகிரி பின்னால் போயிருக்கிறது. அதில் உடல் சாய்ந்த அளவைக் கழித்தால் தோள் எவ்வளவு பின்னால் போயிருக்கிறது என்று கிடைக்கும். 20 டிகிரி சாய்ந்தவருக்கு 70 டிகிரி. 35 டிகிரி சாய்ந்தவருக்கு 55. பாரம் குறைவு என்று நிமிர்ந்து செய்தவரின் தோள்தான் தன் எல்லையைத் தாண்டியிருக்கிறது. அதிகப் பாரம் சுமந்தவரின் தோள் எல்லைக்குள்ளோ விளிம்பிலோ இருக்கிறது.

எல்லைக்கு மேல் எப்படிப் போக முடிகிறது? உடல் திருட்டுத்தனம் செய்கிறது. தோள்பட்டை எலும்பு முன்னால் கவிழ்ந்து, தோள்கள் காதை நோக்கி ஏறும். குறைந்த 15, 20 டிகிரியை அது இப்படித்தான் ஈடுகட்டுகிறது. பக்கத்தில் நிற்பவருக்குத் தோளின் முன்பக்கம் ஒரு முண்டுபோல் துருத்திக்கொண்டு வருவது தெரியும். அந்தத் துருத்தலைப் பார்த்தால், அதற்குமேல் ஒரு விரற்கடைகூட இறங்க வேண்டாம்.

ஆகவே எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை இல்லை. அவரவர் தோள்தான் சொல்ல வேண்டும். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்கையை மடக்கி, தோளைக் காதுக்கு ஏற்றாமல் கையைப் பின்னால் கொண்டுபோங்கள். 50 டிகிரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரி சாய்வில் டிப்ஸ் செய்தால் மேற்கை செங்குத்திலிருந்து 70 டிகிரி போனதும் நிறுத்த வேண்டும். அப்போது தோள் முழங்கையைவிட இன்னும் 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பார்க்கிறவர்கள் அரைகுறை டிப்ஸ் என்று கிண்டல் செய்யலாம். அவருடைய தோளுக்கு அதுதான் முழு டிப்ஸ். அதே ஆள் 35 டிகிரி சாய்ந்தால் 85 டிகிரி வரை, ஏறத்தாழ மேற்கை தரைக்கு இணையாகும் வரை, இறங்கலாம். ட்ரைசெப்ஸுக்காக நிமிர்ந்து செய்கிறவர் மேலேயே நிறுத்த வேண்டும், மார்புக்காகச் சாய்கிறவர் இன்னும் இறங்கலாம். ஜிம்களில் நடப்பது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ்.

பெஞ்சின் விளிம்பில் கைகளைப் பின்னால் ஊன்றி, காலை முன்னால் நீட்டிச் செய்யும் பெஞ்ச் டிப்ஸையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். அதில் உடம்பு நிமிர்ந்தே இருக்கும். சாய இடமே இல்லை. கழிப்பதற்குச் சாய்வு இல்லாததால் தோள் முழுசாகப் பின்னால் போகிறது. 2022-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு பெஞ்ச், கம்பி, வளையம் ஆகிய மூன்றிலும் டிப்ஸ் செய்யவைத்து அளந்தது. தோளை அதிகம் பின்னுக்குத் தள்ளியது பெஞ்ச் டிப்ஸ்தான். கம்பியில் செய்ய வலுவில்லாதவர்களுக்கு எளிய மாற்று என்று வீட்டு நாற்காலியில் செய்யச் சொல்லிக்கொடுக்கப்படுவதும் அதுவே. தசைக்கு எளிதாக இருக்கலாம், மூட்டுக்கு எளிதில்லை.

வலுவில்லாதவர் தொடங்க வேண்டிய இடம் கம்பியின் உச்சி. கைகளை நீட்டி, தோள்களைக் காதிலிருந்து கீழே தள்ளி, கழுத்து நீண்டு தெரியும்படி 20, 30 விநாடி சும்மா நிற்க வேண்டும். இதுவே பலருக்கு முதல் வாரத்தில் கடினம். அது வந்த பிறகு நான்கைந்து விநாடி எடுத்து மெதுவாக இறங்கி, கால் ஊன்றி மேலே வந்து மறுபடி இறங்கலாம். இறங்கும் வழியில் தோள்கள் காதை நோக்கி ஏறத் தொடங்கும் இடம் எதுவோ அதுதான் அன்றைய ஆழம். கம்பிகளுக்கு இடையே தோள் அகலமோ கொஞ்சம் கூடுதலோ இருந்தால் போதும். ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக் கம்பிகளின் இடைவெளியே 42 முதல் 52 சென்டிமீட்டர் வரைதான் மாற்றப்படுகிறது. ஜிம்மில் V வடிவக் கம்பி இருந்தால் குறுகிய பக்கமாகப் பிடிப்பது தோளுக்கு நல்லது.

முழங்காலை ஒரு தட்டில் ஊன்றிச் செய்யும் உதவி மெஷின் உள்ள ஜிம்களில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தத் தட்டும் உடலை மேலே தள்ளுவதால், எடை மையம் உள்ளங்கைக் கோட்டில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. அதனால் கம்பியில் சாத்தியமே இல்லாத அளவுக்கு நிமிர்ந்து செய்ய முடியும். தோளும் அதே அளவுக்குப் பின்னால் போகும். மெஷினில் இரண்டு மாதம் பழகிவிட்டுக் கம்பிக்கு வருகிறவர்கள், உடம்பு தானாக முன்னால் கவிழ்வதைப் பார்த்துத் தங்களுக்கு வலு போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கவிழ்வதுதான் இயல்பு.

மறுநாள் வரும் வலி எங்கே என்பதும் ஒரு செய்தி. மார்பின் கீழ்ப்பகுதியிலும் மேற்கையின் பின்பக்கத்திலும் பரவலாக ஒரு பிடிப்பு இருந்தால் தசை வேலை செய்திருக்கிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரே விரலால் தொட்டு, “இங்கதான்” என்று தோளின் முன்பக்கத்தைக் காட்ட முடிந்தால் அது தசைநாணிலோ உறையிலோ உள்ள தொந்தரவாக இருக்கலாம். காறை எலும்பு தோளோடு சேரும் மேல்முனையில் வலித்தால் அந்தச் சிறு மூட்டு உளைந்திருக்கிறது. எடை தூக்குகிறவர்களுக்கு அங்கே எலும்பின் முனையே அரிப்பது உண்டு. நெஞ்சின் நடுவே, மார்பெலும்பின் ஓரத்தில் குத்தலாக வலித்தால் பெரும்பாலும் ஆழமும் எடையும் அவசரமாகக் கூடியதுதான் காரணம். ஆனால் அந்த இடத்து வலி படிக்கட்டு ஏறும்போதோ சும்மா இருக்கும்போதோ வந்தால் அதை டிப்ஸின் கணக்கில் எழுதாமல் முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். முன்பு ஒருமுறை தோள் கழன்றவர்களுக்கு, இறங்கும்போது கை நழுவிவிடுமோ என்ற உணர்வு வந்தால் அது வெறும் பயமில்லை. முன்பக்க உறை தளர்ந்திருக்கலாம். அவர்கள் டிப்ஸைத் தொடாமல், சாய்தளத்தில் தண்டால் எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அரிதாக நடப்பது ஒன்று உண்டு: மார்புத் தசைநாண் அறுந்துபோவது. பெஞ்ச் பிரஸில்தான் அதிகம் நடக்கும், இடுப்பில் எடை கட்டிய டிப்ஸிலும் நடக்கலாம். மேலே ஏறும்போதைவிட, தசை இழுபட்டுக்கொண்டே பாரத்தைத் தாங்கி இறங்கும்போதுதான் ஆபத்து. மார்பின் கீழ்ப்பகுதி இழைகளே முதலில் போகும், அடிமட்டத்தில் அதிகம் இழுபட்டிருப்பவை அவைதான். ‘பட்’டென்று ஒரு சத்தமோ உணர்வோ வரும். ஒன்றிரண்டு நாளில் மேற்கையின் உட்புறமெல்லாம் கன்றிக் கறுத்துவிடும். இரண்டு கைகளையும் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தால், அக்குளின் முன்பக்கம் தடிப்பாகத் தெரிய வேண்டிய மடிப்பு ஒரு பக்கம் மெலிந்தோ காணாமலோ போயிருக்கும். அப்படியிருந்தால் எண்ணெய் தேய்த்து, ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. முழுதாக அறுந்த தசைநாணை முதல் சில வாரங்களுக்குள் அறுவைசிகிச்சையில் எலும்போடு சேர்த்துத் தைத்தால் பலன் நன்றாக இருக்கும். நாள் போகப் போக அறுந்த முனை உள்ளே சுருங்கி, வடுவோடு ஒட்டிக்கொண்டு, தைக்கும் வேலையைக் கடினமாக்கிவிடும்.